கேஸ் சுடரின் சூடு எங்கே போய் நிற்கிறது? ஒரு தண்ணீர் லாரி கணக்கு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த வார்ப்படப் பட்டறைக்கு எதிரே ஒரு டீக்கடை உண்டு. அங்கே பால் சட்டிக்கு அடியில் கேஸ் அடுப்பு நாள் முழுக்கச் சீறிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் பக்கத்து வெல்டிங் கடைப் பையன் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் கேட்டான்: "அண்ணே, கேஸ் சுடர் 2,000 டிகிரின்னு சொல்றாங்களே, பித்தளை 900 சொச்சத்துலயே உருகிடும். அப்புறம் இந்த பர்னர் எப்படி உருகாம இருக்கு?"

டீ மாஸ்டர், "2,000 எல்லாம் இருக்காதுப்பா" என்றார். பெஞ்சில் இருந்த இன்னொருவர், "கேஸுக்குக் கலோரி ஜாஸ்தி, அதான் சூடும் ஜாஸ்தி" என்றார்.

சுடரின் சூட்டைப் பற்றிப் பொதுவாக நாம் பேசுவதெல்லாம் இந்த மூன்று பேச்சுக்குள் அடங்கிவிடும். பையன் சொன்ன எண் சரி. மாஸ்டரின் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. கலோரி பற்றிய பேச்சுதான் தவறு, அதுதான் பரவலாகவும் இருக்கிறது. அந்த 2,000 எங்கிருந்து வருகிறது என்பதைப் பள்ளிக் கணக்கை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

## லாரியும் சம்ப்பும்

சென்னையில் தண்ணீர் லாரி வராத தெரு குறைவு. 12,000 லிட்டர் லாரி ஒன்று வருகிறது. உங்கள் வீட்டுச் சம்ப்பின் தரை 3 மீட்டருக்கு 2 மீட்டர், அதாவது 6 சதுர மீட்டர். சம்ப் காலியாக இருந்தால் தண்ணீர் 2 மீட்டர் உயரம் ஏறும். அதே லாரி பக்கத்து வீட்டில் 10 சதுர மீட்டர் சம்ப்பில் கொட்டினால் 1.2 மீட்டர்தான் ஏறும். கொட்டிய தண்ணீர் ஒன்றே, மட்டம் மட்டும் வேறு.

இதில் தண்ணீரின் அளவுதான் வெப்பம். தண்ணீர் மட்டம்தான் வெப்பநிலை. சம்ப்பின் தரைப் பரப்புக்கு இணையானது வெப்ப ஏற்புத்திறன்: ஒரு பொருளின் வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்ற எவ்வளவு வெப்பம் தேவையோ அந்த அளவு.

எரிபொருள் எரியும்போது ஒரு லாரி வெப்பம் கொட்டப்படுகிறது. அது முதலில் எதற்குள் போகிறது? பாத்திரத்துக்குள் அல்ல, சுவருக்கும் அல்ல. எரிந்ததால் உண்டான வாயுக்களுக்குள்தான் முதலில் போகிறது. அந்த வாயுக்கள்தான் சம்ப். சம்ப்பில் ஒரு கசிவும் இல்லை, ஒரு சொட்டு வெப்பம்கூட வெளியே போகவில்லை என்று வைத்துக்கொண்டால் மட்டம் எங்கே போய் நிற்குமோ, அந்த எண்ணுக்குத்தான் அடியபாட்டிக் சுடர் வெப்பநிலை என்று பெயர். அடியபாட்டிக் என்றால் வெளியோடு வெப்பப் பரிமாற்றம் இல்லாதது. தமிழில் வெப்பப் பரிமாற்றமில்லாச் சுடர் வெப்பநிலை என்று சொல்லலாம்.

ஆகவே நமக்குத் தேவை இரண்டே எண்கள். கொட்டிய வெப்பம் எவ்வளவு, அதை வாங்கிக்கொள்ளும் வாயுக்களின் மொத்த ஏற்புத்திறன் எவ்வளவு. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் எத்தனை டிகிரி ஏறும் என்று தெரிந்துவிடும்.

## சம்ப்புக்குள் யார் யார் இருக்கிறார்கள்

வீட்டு சிலிண்டரில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கும். கணக்கு சுருக்கமாக இருக்கட்டும் என்று புரொப்பேனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பியூட்டேனுக்குப் போட்டாலும் விடை ஏறக்குறைய இதே இடத்தில்தான் வந்து நிற்கும்.

வாயுக்களை எண்ண மோல் என்ற அளவு வசதியானது. முட்டைக்கு டஜன் போல மூலக்கூறுகளுக்கு மோல். ஒரு மோல் புரொப்பேன் முழுதாக எரிய 5 மோல் ஆக்சிஜன் வேண்டும். ஆனால் ஆக்சிஜனைத் தனியாகக் கொண்டுவந்து யார் தருகிறார்கள்? அடுப்பு காற்றைத்தான் இழுக்கிறது. காற்றில் ஒரு பங்கு ஆக்சிஜனோடு 3.76 பங்கு நைட்ரஜன் ஒட்டிக்கொண்டு வரும். 5 மோல் ஆக்சிஜன் கேட்டால் 18.8 மோல் நைட்ரஜனும் சேர்ந்தே வந்தாக வேண்டும்.

```
C3H8 + 5 O2 + 18.8 N2  ->  3 CO2 + 4 H2O + 18.8 N2
```

வலது பக்கத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 3 மோல் கார்பன் டை ஆக்சைடு, 4 மோல் நீராவி, 18.8 மோல் நைட்ரஜன். மொத்தம் 25.8. எரிதலில் ஒரு வேலையும் செய்யாத நைட்ரஜன்தான் இதில் நான்கில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் குறைவு. சமையலுக்கு ஒரு கை கொடுக்காமல் பந்தியில் முதல் வரிசை முழுக்க உட்கார்ந்துகொள்கிற கூட்டம் போல. அவர்கள் இலைக்கும் பரிமாறித்தான் ஆக வேண்டும்.

இனி வெப்பம். ஒரு மோல் புரொப்பேன் எரிந்தால் 2,044 கிலோஜூல் வெளிவரும். இங்கே ஒரு எச்சரிக்கை. சில அட்டவணைகளில் இதே புரொப்பேனுக்கு 2,220 என்று போட்டிருக்கும். அது எரிந்து வந்த நீராவி முழுதும் குளிர்ந்து தண்ணீராகிவிட்டால் கிடைக்கும் மொத்தம். சுடருக்குள் தண்ணீர் ஏது? எல்லாம் ஆவியாகவே இருக்கிறது. அதனால் நமக்கு 2,044தான். இந்த இடத்தில் தவறான எண்ணை எடுத்துவிட்டால் விடை 150 டிகிரிக்கு மேல் கூடிவிடும். கல்லூரி முடித்து வருகிற பிள்ளைகள் அதிகம் சறுக்குவதை நான் பார்த்தது இந்த ஒரு இடத்தில்தான்.

## முதல் கணக்கு, கொஞ்சம் அவசரமாக

சாதாரண அறை வெப்பநிலையில் ஒரு மோலை ஒரு டிகிரி ஏற்ற, கார்பன் டை ஆக்சைடுக்கு 37.1 ஜூல், நீராவிக்கு 33.6, நைட்ரஜனுக்கு 29.1 வேண்டும். பெருக்கிக் கூட்டுவோம்.

```
CO2 :  3    x 37.1 = 111
H2O :  4    x 33.6 = 134
N2  : 18.8  x 29.1 = 547
                     ---
                     792 J / டிகிரி

2044000 / 792 = 2580 டிகிரி ஏற்றம்
25 + 2580 = 2605 டிகிரி
```

2,605 டிகிரி செல்சியஸ். அந்தப் பையன் சொன்ன 2,000த்தைவிட 600 அதிகம். கணக்கில் பெருக்கல் பிழை இல்லை. சம்ப்பின் வடிவத்தைத்தான் தவறாக நினைத்துவிட்டோம்.

## சரிந்த சுவர்

நேர்ச்சுவர் உள்ள தொட்டியில் முதல் ஒரு அடி ஏற எவ்வளவு தண்ணீர் வேண்டுமோ, கடைசி அடி ஏறவும் அவ்வளவே போதும். வாயுக்கள் அப்படி இல்லை. அவை மேலே போகப் போக அகலமாகிற தொட்டி, கிட்டத்தட்ட நம் அண்டா மாதிரி.

காரணம் மூலக்கூறுகளின் உள்ளே நடக்கும் அசைவு. குளிர்ந்த நிலையில் வாயு மூலக்கூறு பறக்கும், சுழலும். வாங்கிய வெப்பம் அதற்கே செலவாகும். சூடு ஏற ஏற அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகள் சுருள்கம்பி போல அதிரத் தொடங்குகின்றன. அந்த அதிர்வும் வெப்பத்தில் ஒரு பங்கைக் கேட்கிறது. அதனால் அடுத்த டிகிரிக்கு முன்னைவிட அதிக ஜூல் கொடுக்க வேண்டியிருக்கிறது. மூன்று அணு கொண்ட கார்பன் டை ஆக்சைடில் இது நன்றாகவே தெரியும். 25 டிகிரியிலிருந்து 2,100 டிகிரி வரைக்குமான சராசரியை எடுத்தால் 37.1 என்பது சுமார் 55 ஆகிவிடுகிறது. நீராவி 33.6லிருந்து சுமார் 44.6. நைட்ரஜன் அடக்கமானது, 29.1லிருந்து 33.5 வரைதான் போகிறது.

ஆனால் இதில் ஒரு சுற்று இருக்கிறது. சராசரி வேண்டுமென்றால் எந்த வெப்பநிலை வரை என்று தெரிய வேண்டும். அந்த வெப்பநிலையைத்தானே தேடிக்கொண்டிருக்கிறோம்? அதனால் ஊகித்துச் சரிபார்ப்பதே வழி. வாயு அட்டவணைகளில் ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஏற எவ்வளவு வெப்பம் தேவை என்று போட்டிருக்கும். நம்முடைய 25.8 மோலையும் 1,927 டிகிரி வரை ஏற்ற 1,835 கிலோஜூல் ஆகிறது. கையில் 2,044 இருக்கிறது, இன்னும் 209 மிச்சம். சரி, 2,127 டிகிரிக்குப் போட்டுப் பார்த்தால் 2,048 ஆகிறது. நம்மிடம் இருப்பதைவிட 4 மட்டுமே கூடுதல். விடை இதற்கு ஒரு நூலிழை கீழே, சுமார் 2,120 டிகிரி.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்ப்போம். வெப்பம் 2,044 கிலோஜூல், அதை வாங்குவது 25.8 மோல் வாயு. ஏற்புத்திறன் மாறாது என்று நினைத்தபோது 2,605. சூட்டோடு அது கூடுவதைச் சேர்த்ததும் 2,120.

## மேல் மட்டத்தில் ஒரு பக்கத் தொட்டி

இன்னும் 100 டிகிரிக்கு மேல் பாக்கி இருக்கிறது. புரொப்பேன் காற்றில் எரிவதற்குப் புத்தகங்களில் கிடைக்கும் எண் சுமார் 1,980 முதல் 2,000 டிகிரி வரை.

சம்ப்பின் மேல் பகுதியில், தளத்துக்குச் சற்றுக் கீழே, பக்கத்துத் தொட்டிக்குப் போகும் ஒரு துளை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அந்த மட்டத்தைத் தொட்டதும் ஒரு பகுதி அந்தப் பக்கம் வழியத் தொடங்கும். தண்ணீர் எங்கும் தொலையவில்லை, ஆனால் மட்டம் முன்போல வேகமாக ஏறாது.

சுடரில் அந்தத் துளையின் பெயர் பிரிகை. கடும் சூட்டில் மூலக்கூறுகள் உடைந்து சிறு துண்டுகளாவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். 1,700, 1,800 டிகிரியைத் தாண்டும்போது கார்பன் டை ஆக்சைடில் ஒரு சிறு பகுதி திரும்பவும் கார்பன் மோனாக்சைடாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது. நீராவியிலும் கொஞ்சம் உடைகிறது. சேர்ந்தபோது வெப்பம் தந்தவை பிரியும்போது அதைத் திரும்பக் கேட்கின்றன. ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடு இப்படிப் பிரிய 283 கிலோஜூல் வேண்டும். அந்த வெப்பம் வெப்பநிலையாகத் தெரியாமல் ஒளிந்துகொள்கிறது. வாயு பின்னால் குளிரும்போது துண்டுகள் மீண்டும் சேரும், ஒளிந்த வெப்பமும் வெளியே வரும்.

காற்றில் எரியும்போது இந்தத் துளை 100 டிகிரிக்கு மேல் தின்கிறது, அவ்வளவுதான். சுத்த ஆக்சிஜனில் எரித்தால்தான் அதன் முழு பலம் தெரியும். நைட்ரஜன் இல்லாததால் சம்ப் மிகவும் குறுகிவிடுகிறது. நம் முதல் அவசரக் கணக்கில் 792லிருந்து நைட்ரஜனின் 547ஐ எடுத்துவிட்டு, 2,044 கிலோஜூலை மிச்சமுள்ள 245ஆல் வகுத்தால் 8,300 டிகிரிக்கு மேல் வருகிறது. உண்மையில் புரொப்பேன்-ஆக்சிஜன் சுடர் 2,800 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. அந்தச் சூட்டில் மூலக்கூறுகள் பெருமளவில் பிரிந்து, மேலே வரும் வெப்பத்தை எல்லாம் விழுங்கிவிடுகின்றன. கேஸ் கட்டிங் செய்கிறவர்கள் ஏன் ஆக்சிஜன் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு திரிகிறார்கள் என்றால், நைட்ரஜனை வெளியே நிறுத்திவிட்டு அந்த 800 டிகிரியை வாங்கத்தான்.

## கலோரி அதிகம் என்றால் சூடு அதிகமா?

இப்போது பெஞ்சில் இருந்தவர் பேச்சுக்கு வரலாம். ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் சுமார் 50 மெகாஜூல் கிடைக்கும். குழாயில் வரும் இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி இதுதான். ஒரு கிலோ கார்பன் மோனாக்சைடு எரிந்தால் 10 மெகாஜூல்தான், ஐந்தில் ஒரு பங்கு. அப்படியானால் எந்தச் சுடர் அதிகச் சூடு?

மீத்தேன் காற்றில் சுமார் 1,950 டிகிரி. கார்பன் மோனாக்சைடு சுமார் 2,120.

முதலில் பார்க்கும்போது இது தலைகீழாகத் தோன்றும். சம்ப்பை அளந்தால் புரிந்துவிடும். ஒரு மோல் மீத்தேன் 802 கிலோஜூல் தருகிறது, ஆனால் எரிய 2 மோல் ஆக்சிஜன் கேட்கிறது. கூடவே நைட்ரஜன் கூட்டமும் வர, கடைசியில் 10.5 மோல் வாயு ஆகிறது. ஒரு மோல் வாயுவுக்குக் கிடைக்கும் பங்கு 76 கிலோஜூல். கார்பன் மோனாக்சைடு 283 மட்டுமே தருகிறது, ஆனால் அரை மோல் ஆக்சிஜனோடு திருப்தியாகிவிடுகிறது. வாயு 2.9 மோல்தான், பங்கு 98 கிலோஜூல். லாரி சின்னது, சம்ப் அதைவிடச் சின்னது.

கிலோவுக்கு எவ்வளவு வெப்பம் என்பது சிலிண்டர் எத்தனை நாள் வரும் என்று சொல்லும். சுடர் எவ்வளவு சூடு என்று அது சொல்லாது. வெல்டிங் கடையில் அசிட்டிலீன் பிடித்த இடமும் இதனால்தான். கிலோ கணக்கில் அது மீத்தேனைவிடச் சற்றுக் குறைவுதான். ஆனால் ஒரு மோல் வாயுவுக்கு 101 கிலோஜூல் தருகிறது.

## பர்னர் ஏன் உருகவில்லை

பையனின் கேள்வியை மறக்கவில்லை. 2,000 டிகிரி என்பது சுடருக்குள் இருக்கும் வாயுவின் மட்டம், பர்னருடையது அல்ல. சுடர் பர்னரின் துளைகளுக்குச் சற்று மேலே நிற்கிறது. உள்ளிருந்து குளிர்ந்த கேஸும் காற்றும் ஓயாமல் பித்தளையைத் தடவிக்கொண்டே போகின்றன. மேலே இருக்கும் அலுமினியப் பாத்திரம் 660 டிகிரியில் உருகும். ஆனாலும் உள்ளே பால் இருக்கும் வரை அது வாங்குகிற வெப்பத்தைப் பாலுக்குக் கைமாற்றி, 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேலேயே நின்றுவிடும். பால் முழுக்க வற்றிய பிறகும் அடுப்பை அணைக்க மறந்தால் அடி வளைந்து உருகத் தொடங்கும்.

மாஸ்டரின் சந்தேகமும் இங்கேதான் நியாயமாகிறது. வெளியே கசியாத சுடர் எங்கும் இல்லை. சுடர் ஒளியாகவும் கதிர்வீச்சாகவும் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும், சுற்றியுள்ள காற்றையும் உள்ளே இழுக்கும். அதனால் அடுப்பில் கிடைப்பது எப்போதும் அந்த எண்ணுக்குக் கீழேதான். தெர்மோகப்பிள் கம்பியை நீட்டி அளந்தால் இன்னும் குறைவாகக் காட்டும், கம்பியே தன் சூட்டைக் கதிராக வீசி இழந்துகொண்டிருக்குமே. அந்த அளவை வைத்து "கணக்கு பொய்" என்று சொல்லிவிடக் கூடாது. அடியபாட்டிக் எண் ஒரு உச்சவரம்பு.

## உலையில் இது காசாக மாறும் இடம்

இவ்வளவு விளக்கமும் எனக்கு அவசியமாகப்பட்டது ஒரு அலுமினிய உலையால்தான். கேஸில் எரியும் குரூசிபிள் உலை அது, பட்டறையின் பெயர் வேண்டாம். உருக நேரமாகிறது என்று புகார் வந்தது. உலையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் அனுபவசாலி. தீ "நல்லா வேகமா" வரட்டும் என்று புளோயரை முழுக்கத் திறந்து வைத்திருந்தார். சத்தம் பலமாக இருந்தது, தீயும் நீலமாக நேராகப் பறந்தது. புகைபோக்கியில் ஆக்சிஜன் மீட்டரை நுழைத்தேன். 11 சதவீதம் காட்டியது.

காற்று சரியான அளவில் இருந்தால் ஆக்சிஜன் மிச்சமே இருக்கக் கூடாது. 11 என்றால் தேவைக்கு இரண்டு மடங்கு காற்று உள்ளே போகிறது. நம் சம்ப் கணக்கைத் திரும்பப் போடுங்கள். லாரி அதே 2,044 கிலோஜூல்தான், காற்றை இரட்டித்தால் கேஸ் கூடுதலாக எரியாது. ஆனால் 18.8 மோல் நைட்ரஜன் 37.6 ஆகிவிட்டது, வேலையில்லாத 5 மோல் ஆக்சிஜனும் வந்து உட்கார்ந்துவிட்டது. அட்டவணையை வைத்துப் பார்த்தால் மட்டம் 1,240 டிகிரியில் நின்றுவிடுகிறது. 2,000 இருக்க வேண்டிய இடத்தில் 1,240!

அதற்கு மேல் ஒரு இழப்பும் உண்டு. அந்த உலையில் வாயு வெளியேறும்போது சுமார் 900 டிகிரியில் இருந்தது. 900க்குக் கீழே இருக்கும் வெப்பம் முழுதும் புகைபோக்கி வழியே போய்விடும், மேலே இருப்பதுதான் உலைக்கு. 1,240 டிகிரிச் சுடரில் அப்படி நமக்கு மிஞ்சுவது 10ல் 3 பங்கு.

காற்று போகும் வழியைக் கூட்டிக் குறைக்கும் தகடான டேம்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினோம். மீட்டர் 4ஐ ஒட்டி வந்ததும் நிறுத்தினோம். இது தேவைக்கு மேல் 20 சதவீதக் காற்று. சுடரின் எண் சுமார் 1,850க்கு ஏறுகிறது, அதே 900 டிகிரியில் வெளியேறினாலும் பாதிக்கு மேல் வெப்பம் உலைக்குள் தங்குகிறது. அண்ணனுக்கு முதலில் மனசு ஒப்பவில்லை. "சத்தம் அடங்கிப்போச்சு தம்பி, தீ பலம் இழந்துட்டுது" என்றார். உலைச் சுவரின் நிறத்தைக் காட்டினேன். மங்கிய ஆரஞ்சாக இருந்தது மஞ்சளுக்கு வந்துகொண்டிருந்தது.

பூஜ்யம் வரைக்கும் மூட வேண்டியதுதானே என்று அவர் கேட்டார். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் காற்றும் கேஸும் உலைக்குள் ஒரே சீராகக் கலப்பதில்லை. மொத்தத்தில் சரியாக இருந்தாலும் சில மூலைகளில் காற்று போதாமல் போய்க் கார்பன் மோனாக்சைடு எரியாமலே வெளியேறும். அது வெப்ப நஷ்டம் மட்டும் அல்ல, மூடிய கொட்டகையில் ஆளைச் சாய்க்கும். அதனால்தான் 4ஐ ஒட்டி நிறுத்தினோம். மீட்டரில் கார்பன் மோனாக்சைடு தலைகாட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, டேம்பர் பிடி நின்ற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தேன்.